தவணை முழுவதும் செலவாகுமா? ஒரு காலக் கடன் அட்டவணையும் இலாபத்தில் கழித்த வட்டியும்

கோவை கணபதிப் பகுதியில் இயங்கும் ஒரு சிறு தொழிற்கூடம், பெரிய நிறுவனங்களுக்கு உதிரி பாகங்களைக் கடைந்து கொடுக்கும் ஜாப் ஒர்க் செய்கிறது. தனி உரிமையாளர் ஒருவர் நடத்தும் தொழில் அது. ஆண்டு விற்றுமுதல் சுமார் 2 கோடியே 10 லட்சம் ரூபாய்; வரவு செலவு ஏறக்குறைய முழுவதும் வங்கி வழியாகவே நடக்கிறது. 2023ஆம் ஆண்டு அவர் ஜி.எஸ்.டி. நீங்கலாக 32 லட்சம் ரூபாய் விலையுள்ள வி.எம்.சி. இயந்திரம் ஒன்றை வாங்கினார். அதில் 8 லட்சத்தைக் கையிலிருந்து போட்டார். மீதி 24 லட்சத்துக்கு ஒரு வங்கியில் காலக் கடன் பெற்றார். வட்டி ஆண்டுக்கு 12 சதவீதம், தவணைகள் 60, மாதத் தவணை 53,387 ரூபாய். வங்கி 2023 ஜூலை 10 அன்று பணத்தை நேரே இயந்திர விற்பனையாளருக்கு அனுப்பியது. முதல் தவணை ஆகஸ்ட் 10 அன்று பிடிக்கப்பட்டது.

2023-24 நிதியாண்டுக்கான கணக்கை வருமான வரி அறிக்கைக்காக என்னிடம் கொண்டுவந்தபோது, இலாப நட்டக் கணக்கில் ‘வங்கிக் கடன் தவணை’ என்ற தலைப்பில் 4,27,096 ரூபாய் செலவாக எழுதப்பட்டிருந்தது. ஆகஸ்ட் முதல் மார்ச் வரை கட்டிய எட்டுத் தவணைகளின் கூட்டுத்தொகை அது. அதைச் செலவில் எழுதக்கூடாது என்று சொன்னபோது உரிமையாளர் கேட்டது இதுதான்: “கையை விட்டுப் போன பணம் செலவு இல்லைங்களா, சார்?”

நியாயமான கேள்விதான். அதற்கான பதில், கடன் அனுமதிக் கடிதத்தோடு வங்கி கொடுத்திருந்த, யாரும் பிரித்துப் பார்க்காத திருப்பிச் செலுத்தும் அட்டவணையில் இருந்தது.

அட்டவணை சொல்வது

| தவணை தேதி | தொடக்க நிலுவை | வட்டி | அசல் | இறுதி நிலுவை |
|---|---|---|---|---|
| 10.08.2023 | 24,00,000 | 24,000 | 29,387 | 23,70,613 |
| 10.09.2023 | 23,70,613 | 23,706 | 29,681 | 23,40,932 |
| 10.10.2023 | 23,40,932 | 23,409 | 29,978 | 23,10,954 |
| 10.11.2023 | 23,10,954 | 23,110 | 30,277 | 22,80,677 |
| 10.12.2023 | 22,80,677 | 22,807 | 30,580 | 22,50,097 |
| 10.01.2024 | 22,50,097 | 22,501 | 30,886 | 22,19,211 |
| 10.02.2024 | 22,19,211 | 22,192 | 31,195 | 21,88,016 |
| 10.03.2024 | 21,88,016 | 21,880 | 31,507 | 21,56,509 |

ஒவ்வொரு வரியும் ஒரே முறையில் உருவாகிறது. மாதத் தொடக்கத்தில் நிற்கும் நிலுவைக்கு ஒரு சதவீதம் வட்டி. தவணையில் அந்த வட்டி போக மிஞ்சுவது அசலில் கழிகிறது. குறைந்த அசலே அடுத்த மாத வட்டிக்கு அடிப்படை. எனவே தவணைத் தொகை மாறாமல் இருந்தாலும் அதனுள் வட்டியின் பங்கு மாதந்தோறும் சுமார் 300 ரூபாய் குறைகிறது. அசலின் பங்கு அதே அளவு கூடுகிறது. பன்னிரண்டு தவணைகளாகப் பிரித்துப் பார்த்தால், முதல் பன்னிரண்டில் வட்டி 2,67,943 ரூபாய். அடுத்த பன்னிரண்டில் 2,20,676. அதற்குப் பின் சுமார் 1,67,400, பின்னர் 1,07,400, கடைசிப் பன்னிரண்டில் 39,800 மட்டுமே. ஐந்தாண்டுகளில் செலுத்தும் மொத்த வட்டி 8 லட்சத்து 3 ஆயிரத்தைச் சற்றே தாண்டும்.

இதைத் தெரிந்துகொள்ளாமல், மொத்த வட்டியை ஐந்தால் வகுத்து ஆண்டுக்கு 1,60,640 என்று சமமாக எழுதும் கணக்காளர்கள் உண்டு. வேலை எளிதுதான். ஆனால் முதலிரண்டு ஆண்டுகளில் உரிமையாளருக்குக் கிடைக்க வேண்டிய கழிவு குறைந்துவிடும். கடைசி இரண்டு ஆண்டுகளில் இல்லாத வட்டியைக் கழித்ததாகிவிடும். வங்கி தரும் வட்டிச் சான்றிதழோடும் அது எந்த ஆண்டும் பொருந்தாது.

எட்டுத் தவணைகளில் வட்டி 1,83,605 ரூபாய். அசல் 2,43,491 ரூபாய். இந்த இரண்டாவது தொகைதான் உரிமையாளரின் கேள்விக்குப் பதில். கடன் வாங்கிய அன்று 24 லட்சம் வந்தபோது அதை யாரும் வருமானமாக எழுதவில்லை. ஆகவே அதைத் திருப்பிக் கொடுப்பதும் செலவாகாது. அந்த 24 லட்சம் இயந்திரமாக மாறியிருக்கிறது. இயந்திரத்தின் விலை தேய்மானமாக ஆண்டுதோறும் இலாபத்திலிருந்து கழிக்கப்படுகிறது. அசலையும் செலவில் எழுதினால், ஒரே இயந்திரத்தின் விலை தேய்மானமாக ஒரு முறையும் தவணையாக இன்னொரு முறையும் கழிந்துவிடும். அவர் கொண்டுவந்த கணக்கில் இரண்டும் இருந்தன.

இந்தப் பிழையைக் கண்டுபிடிக்க இலாப நட்டக் கணக்கைப் பார்க்கவே வேண்டியதில்லை. இருப்புநிலைக் குறிப்பில் கடன் 24,00,000 என்றே நின்றது. வங்கியின் கணக்கு அறிக்கையில் 2024 மார்ச் 10 தவணைக்குப் பின் நிலுவை 21,56,509. இரண்டுக்கும் இடையே உள்ள 2,43,491 ரூபாய், எட்டு மாதங்களில் அடைந்த அசலுக்கு ரூபாய் பிசகாமல் சமம். கடன் பேரேட்டின் இருப்பு ஆண்டு முழுவதும் அசையாமல் நின்றால் அசல் எங்கோ செலவில் புகுந்திருக்கிறது என்று பொருள். மாறாக, கடன் பேரேடு வங்கி காட்டுவதைவிட மிக வேகமாக இறங்கியிருந்தால், தவணை முழுவதையும் கடனில் கழித்து வட்டியை எழுதாமல் விட்டிருக்கிறார்கள் என்று பொருள். இந்த இரண்டாவது பிழையால் வரி கூடுதலாகப் போய்விடும். அதனால்தானோ என்னவோ, அதைப் பற்றி எந்த நோட்டீசும் வருவதில்லை.

இயந்திரம் ஓடத் தொடங்கும் முன்னர் ஓடிய வட்டி

அப்படியானால் 1,83,605 ரூபாயைக் கழித்துவிடலாம் என்று தோன்றும். அங்கேயும் ஒரு தடை இருக்கிறது. பணம் ஜூலையில் போய்விட்டாலும் இயந்திரம் செப்டம்பர் நடுவில்தான் வந்து சேர்ந்தது. அடித்தளம், மின் இணைப்பின் திறன் உயர்வு, சோதனை ஓட்டம் எல்லாம் முடிந்து, முதல் ஆர்டர் அதில் ஓடியது அக்டோபர் 10 அன்று.

வருமான வரிச் சட்டம், 1961இன் 36(1)(iii) பிரிவு தொழிலுக்காக வாங்கிய கடனின் வட்டியைக் கழிக்க அனுமதிக்கிறது. ஆனால் ஒரு சொத்தை வாங்குவதற்காகக் கடன் பெறப்பட்டிருந்தால், கடன் பெற்ற நாளிலிருந்து அந்தச் சொத்து முதன்முதலாகப் பயன்பாட்டுக்கு வந்த நாள் வரையிலான வட்டியைக் கழிக்க முடியாது என்று அதே பிரிவின் வரம்புரை கூறுகிறது. முன்பு இந்த வரம்புரையில் ‘நடப்புத் தொழிலின் விரிவாக்கத்துக்காக’ என்ற நிபந்தனை இருந்தது. 2015ஆம் ஆண்டு நிதிச் சட்டம் அதை நீக்கிவிட்டது. ஆகவே புதிய பிரிவு தொடங்கினாலும் சரி, பழைய கூடத்தில் இன்னொரு இயந்திரத்தை நிறுத்தினாலும் சரி, விதி ஒன்றுதான். ‘ஏற்கெனவே நடக்கும் தொழில்தானே’ என்று முழு வட்டியையும் கழிக்கும் பழக்கம் இன்னும் பலரிடம் இருப்பதற்கு, அந்தப் பழைய நிபந்தனையின் நினைவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இந்தக் கடனில் ஜூலை 10 முதல் அக்டோபர் 9 வரையிலான வட்டி, அட்டவணையின் முதல் மூன்று வரிகளில் இருக்கிறது: 24,000, 23,706, 23,409. கூட்டினால் 71,115 ரூபாய். இது வீணாகவில்லை, இயந்திரத்தின் அடக்க விலையில் சேர்ந்து, 32,00,000 என்பது 32,71,115 ஆகிறது. பின்னர் தேய்மானமாக மெல்ல மெல்லத் திரும்பி வரும். ஆனால் அந்த ஆண்டின் இலாபத்திலிருந்து நேராகக் கழிக்க முடியாது.

பயன்பாட்டுக்கு வந்த நாளை எப்படி நிறுவுவது என்பது கோப்பில் தெளிவாக இருக்க வேண்டிய விஷயம். விற்பனையாளரின் நிறுவல் அறிக்கை, அந்த இயந்திரத்தில் ஓடிய முதல் வேலையின் டெலிவரி சலான், அதற்கான பில் ஆகிய மூன்றையும் எடுத்து வைத்தோம். மூன்றிலும் அக்டோபர் 10 என்பதோடு முரண்படும் தேதி எதுவும் இல்லை.

அதே தேதி இன்னொரு விளைவையும் கொண்டுவந்தது. இயந்திரத்துக்கான தேய்மான விகிதம் 15 சதவீதம். ஆனால் வாங்கிய ஆண்டில் 180 நாட்களுக்குக் குறைவாகப் பயன்பட்டிருந்தால் பாதிதான் கிடைக்கும். அக்டோபர் 10 முதல் மார்ச் 31 வரை 174 நாட்கள். ஆறு நாள் முன்னதாக ஓடத் தொடங்கியிருந்தால் அந்த ஆண்டின் கழிவு சுமார் 2,45,000 ரூபாய் கூடியிருக்கும். மின் இணைப்புக்காகக் காத்திருந்த நாட்களின் விலை அது. கழிவு ஒரேயடியாகப் போய்விடவில்லை, அடுத்த ஆண்டுகளுக்குத் தள்ளிப்போகிறது. ஆனாலும் முதலாண்டுக் கணக்கில் அதன் அழுத்தம் நன்றாகவே தெரிந்தது.

மார்ச் மாதத்தின் கடைசி நாட்கள்

தவணை 10ஆம் தேதி; நிதியாண்டு முடிவதோ 31ஆம் தேதி. மார்ச் 10 முதல் 31 வரை 22 நாட்களுக்கு வட்டி ஓடியிருக்கிறது. ஆனால் அது ஏப்ரல் 10 தவணையில்தான் கட்டப்படும். அந்தத் தவணையின் வட்டி 21,565 ரூபாய். 31 நாட்களுக்கான அந்தத் தொகையில் 22 நாட்களின் பங்கு 15,304 ரூபாய். உரிமையாளர் வணிக முறையில், அதாவது செலவு உண்டான காலத்திலேயே எழுதும் முறையில், கணக்கு வைத்திருப்பதால் இது 2023-24இன் செலவு.

இதற்கு 43B பிரிவு ஒரு நிபந்தனை வைக்கிறது. வங்கியிலோ, அப்பிரிவு குறிப்பிடும் நிதி நிறுவனங்களிலோ பெற்ற கடனுக்கான வட்டி, உண்மையில் செலுத்தப்பட்டால் மட்டுமே கழிக்கப்படும். ஆண்டு முடிந்தும் நிலுவையில் இருந்தால், வரி அறிக்கை தாக்கல் செய்வதற்கான கடைசித் தேதிக்குள் செலுத்திவிட வேண்டும். இவருக்கு அந்தத் தேதி 2024 ஜூலை 31. ஏப்ரல் 10 தவணை அன்றே கணக்கில் பிடிக்கப்பட்டுவிட்டதால் 15,304 ரூபாய்க்குச் சிக்கல் எழவில்லை.

சிக்கல் எழும் இடம் வேறு. தவணை கட்ட முடியாமல் போன தொழிற்கூடத்தின் நிலுவை வட்டியை வங்கி அசலோடு சேர்த்து, ‘இனி இதையும் கடனாகத் திருப்பிக் கொடுங்கள்’ என்று மறுசீரமைக்கும்போது, வட்டி செலுத்தப்பட்டதாகவே புத்தகத்தில் தோன்றும். அப்படிக் கடனாக மாற்றப்பட்ட வட்டி செலுத்தப்பட்டதாகக் கொள்ளப்படாது என்று 43B பிரிவின் விளக்கங்கள் திட்டவட்டமாகச் சொல்கின்றன. மாற்றிய கடனை அடைக்கும் ஆண்டுகளில்தான், அடைத்த அளவுக்கு அது கழிவாகக் கிடைக்கும். அதற்காகத் தனிப் பேரேடு ஒன்று வைக்காவிட்டால் அந்தக் கழிவு மறந்தே போகும்.

2023-24 கணக்கு முடிந்த விதம்

எட்டுத் தவணைகளின் வட்டி 1,83,605. இதில் இயந்திரத்தின் விலையோடு சேர்ந்த 71,115ஐக் கழித்து, மார்ச் இறுதி வட்டி 15,304ஐக் கூட்டினால், இலாபத்திலிருந்து கழிக்கக்கூடிய வட்டி 1,27,794 ரூபாய். உரிமையாளர் எழுதியிருந்தது 4,27,096. வங்கியின் சான்றிதழ் காட்டியது 1,83,605. சான்றிதழை அப்படியே எடுத்து எழுதியிருந்தாலும் தவறாகவே இருந்திருக்கும். அது வங்கி வசூலித்த வட்டியைச் சொல்கிறதே தவிர, அதில் எவ்வளவு கழிக்கத் தக்கது என்று சொல்வதில்லை.

மற்ற எல்லாச் செலவுகளும் பழைய இயந்திரங்களின் தேய்மானமும் போக, புதிய இயந்திரத்துக்கும் அதன் கடனுக்கும் முந்தைய இலாபம் 14,60,000 ரூபாய். உரிமையாளரின் வரைவில் தவணை 4,27,096, தேய்மானம் 2,40,000 போக இலாபம் 7,92,904 என்று நின்றது. திருத்திய கணக்கில் வட்டி 1,27,794, தேய்மானம் 2,45,334 போக இலாபம் 10,86,872. அவர் புதிய வரிமுறையில் இருந்தார். ஆகையால் உற்பத்தித் தொழிலுக்கான கூடுதல் தேய்மானம் கணக்கில் வரவில்லை. வேறு வருமானம் இல்லாத நிலையில் வரி, செஸ் உட்பட, சுமார் 35,660 ரூபாயிலிருந்து 75,950 ஆக உயர்ந்தது. இந்த 40,300 ரூபாயை அப்போதே கட்டியது நல்லதாயிற்று; பின்னால் கண்டுபிடிக்கப்பட்டிருந்தால் வட்டியும் அபராதமும் சேர்ந்திருக்கும்.

அனுமான வருமான முறையான 44AD பிரிவுக்குப் போயிருக்கலாமே என்று சிலர் கேட்கக்கூடும். ரொக்கமல்லாத விற்றுமுதலில் குறைந்தது 6 சதவீதம் வருமானமாகக் காட்ட வேண்டும். இவருக்கு அது 12,60,000 ரூபாய், அதாவது உண்மையான இலாபத்தைவிடக் கூடுதல். மேலும் அந்த முறையில் வட்டி, தேய்மானம் எல்லாம் அந்தச் சதவீதத்துக்குள்ளேயே கழிந்துவிட்டதாகக் கொள்ளப்படுவதால், அட்டவணையில் எவ்வளவு வட்டி இருந்தாலும் தனியாகக் கழிக்க முடியாது. கடன் ஏறிய ஆண்டுகளில் அது இவருக்குப் பொருந்தாத வழி. இதற்கு முன்பும் அவர் அந்த முறையில் நுழைந்ததில்லை.

இரண்டாம் ஆண்டும் அதன் பிறகும்

2024-25இல் ஒன்பதாம் தவணை முதல் இருபதாம் தவணை வரை கட்டப்பட்டன. அவற்றின் வட்டி 2,37,062, அசல் 4,03,582. தொடக்கத்தில் முந்தைய ஆண்டில் எழுதிவிட்ட 15,304ஐ நீக்கி, 2025 மார்ச்சின் கடைசி 22 நாட்களுக்கான 12,440ஐச் சேர்த்தால், அந்த ஆண்டில் கழிக்கத் தக்க வட்டி 2,34,198 ரூபாய். நீக்குவதை மறந்தால் 15,304 ரூபாய் இரண்டு முறை கழிந்துவிடும். பார்வைக்குச் சிறிய தொகை என்றாலும், ஆண்டுதோறும் சேர்த்து மட்டும் எழுதி, ஒருபோதும் நீக்காத கணக்குகளில் ‘செலுத்த வேண்டிய வட்டி’ என்ற பேரேடு வளர்ந்துகொண்டே போவதைக் காணலாம்.

தவணை வரிசை எண்ணைக் கொண்டு எந்த நிதியாண்டின் வட்டியையும் விரிதாளில் ஒரே வரியில் சரிபார்க்கலாம். முதல் வரி மாதத் தவணையையும், இரண்டாவது ஒன்பது முதல் இருபது வரையிலான தவணைகளின் வட்டியையும் தரும்; இரண்டாவது எதிர்மறை எண்ணாக வரும், முழு ரூபாயாக்குவதால் சில ரூபாய் வேறுபடும்.

```
=PMT(12%/12,60,-2400000)
=CUMIPMT(12%/12,60,2400000,9,20,0)
```

உரிமையாளரை உண்மையில் யோசிக்க வைத்தது வரிச் சட்டத்தின் விதிகள் அல்ல. அடுத்த ஆண்டுகளுக்காக நான் எழுதிக் காட்டிய ஓர் ஒப்பீடு. 2024-25இல் வட்டி 2,34,198. முழு 15 சதவீதத் தேய்மானம் 4,53,867. இரண்டும் சேர்ந்து 6,88,065. அந்த ஆண்டில் கட்டிய தவணைகளின் மொத்தம் 6,40,644. அதாவது கையை விட்டுப் போன பணத்தைவிடக் கழிவு அதிகம்; அந்த ஆண்டில் தவணை முழுவதையும் செலவாக எழுத முடியவில்லையே என்று வருந்த இடமே இல்லை. ஆனால் 2025-26இல் வட்டி சுமார் 1,83,000 ஆகக் குறைகிறது. தேய்மானமும், குறைந்துவரும் மதிப்பில் கணக்கிடப்படுவதால், 3,85,787க்கு இறங்குகிறது. கூட்டினால் 5,69,000 அளவில்தான் வரும். தவணையோ அதே 6,40,644. 2026-27இல் கழிவு 4,56,000க்கும் கீழே போய்விடுகிறது. அந்த ஆண்டு தவணைக்கும் கழிவுக்கும் இடைப்பட்ட ஒன்றே முக்கால் லட்சத்துக்கு மேற்பட்ட தொகை, இலாபம் என்ற பெயரில் வரிக்கு உட்படும். ஆனால் பணமாக அது கையில் இருக்காது, வங்கிக்குப் போயிருக்கும்.

தொழில் நன்றாக நடந்தும், இலாபம் காட்டியும், முன்கூட்டிய வரி கட்டும் செப்டம்பரிலும் டிசம்பரிலும் நடப்புக் கணக்கில் பணம் இல்லையே என்று தொழிற்கூடக்காரர்கள் திகைப்பது பெரும்பாலும் கடனின் பின்பாதியில்தான். வேலை குறைந்ததாலோ வாடிக்கையாளர் தாமதித்ததாலோ என்று தேடிக்கொண்டிருப்பார்கள். அட்டவணையின் அசல் பத்தியையும் தேய்மானப் பத்தியையும் ஆண்டுவாரியாக அடுத்தடுத்து எழுதினால், எந்த ஆண்டில் அந்த இடைவெளி திறக்கும் என்பது கடன் வாங்கிய அன்றே தெரிந்துவிடும். இந்த உரிமையாளர் 2025-26 முதல் மாதம் 6,000 ரூபாயைத் தனியாக ஒரு தொடர் வைப்பில் போடத் தொடங்கினார். முன்கூட்டிய வரி அதிலிருந்து போகட்டும் என்பது அவருடைய ஏற்பாடு.

அட்டவணையை எதுவரை நம்பலாம்

மேலே உள்ள அட்டவணை ஆண்டு வட்டியைப் பன்னிரண்டால் வகுத்துப் போட்டது. இந்த வங்கியின் கணக்கு அறிக்கையும் முதலிரண்டு ஆண்டுகளில் அதனோடு ஒத்துப்போனது. எல்லாக் கடன்களிலும் அப்படி இராது. உண்மையான நாட்களை 365ஆல் வகுத்து வட்டி போடும் வங்கிகளில் முதல் மாதத்துக்கு 24,000க்குப் பதில் 24,460 வரும், 28 நாள் பிப்ரவரியில் குறையும். மாதக் கடைசி நாளில் வட்டியைப் பற்று வைக்கும் வங்கியில் மார்ச் இறுதி வட்டியைத் தனியாகக் கணக்கிடும் வேலையே இல்லை. அறிக்கையிலேயே அது விழுந்திருக்கும். ஆகவே அறிக்கையில் வட்டி என்று பற்று வைத்திருக்கும் வரிகளைக் கூட்டி, அட்டவணையோடு ஒப்பிட்டு, வேறுபாட்டுக்குக் காரணம் கண்ட பிறகே எழுத வேண்டும். தவணை தவறியதற்கான அபராதக் கட்டணம், காசோலைத் திரும்பல் கட்டணம் ஆகியவற்றை அப்போது தனியாகப் பிரித்துவிடலாம். அவை வட்டிப் பேரேட்டுக்கு உரியவை அல்ல.

இதைவிடப் பெரிய மாற்றம் வட்டி விகிதம் மாறும்போது வருகிறது. குறு, சிறு தொழில்களுக்கு வங்கிகள் தரும் மாறும் வட்டிக் கடன்கள், 2019 அக்டோபர் முதல், வெளிப்புறக் குறியீடு ஒன்றோடு இணைக்கப்பட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. பெரும்பாலான வங்கிகள் ரெப்போ விகிதத்தை எடுத்துக்கொண்டன. குறைந்தது மூன்று மாதங்களுக்கு ஒரு முறை விகிதம் மறுநிர்ணயம் செய்யப்பட வேண்டும். 2023 பிப்ரவரி முதல் 6.50 சதவீதத்தில் நின்ற ரெப்போ, 2025 பிப்ரவரியில் 6.25 ஆகவும், ஏப்ரலில் 6.00 ஆகவும், ஜூனில் 5.50 ஆகவும் இறங்கியது. முதலிரண்டு ஆண்டுகளில் அறிக்கை அட்டவணையோடு ஒத்துப்போனதற்கும், மூன்றாம் ஆண்டில் விலகத் தொடங்கியதற்கும் காரணம் இதுவே. 17,17,069 ரூபாய் நிலுவையில் கால் சதவீதக் குறைப்பு மாதத்துக்குச் சுமார் 358 ரூபாய். வங்கி தவணையைக் குறைக்காமல் வைத்திருந்தால் அந்த 358 ரூபாயும் அசலில் கழியும். கடன் சற்று முன்னதாக முடியும், கழிக்கும் வட்டி இன்னும் குறையும். அதனால் 2025-26க்கு நான் மேலே சொன்ன 1,83,000 ஒரு முன்மதிப்பீடு மட்டுமே. அந்த ஆண்டுக்கு வங்கியிடம் திருத்திய அட்டவணை கேட்டு எழுதினோம். கிளையில் அச்சிட்டுத் தந்ததில் விகிதம் மாறிய தேதிகளும், மீதித் தவணைகளின் எண்ணிக்கையும் இருந்தன.

கடன் வங்கியிலிருந்து வராமல், வங்கிசாரா நிதி நிறுவனத்திலிருந்து வந்திருந்தால் இன்னொரு வேலையும் சேரும். வங்கிக்குக் கொடுக்கும் வட்டிக்கு மூலவரி பிடித்தம் தேவையில்லை. நிதி நிறுவனத்துக்குக் கொடுக்கும் வட்டிக்கு, முந்தைய ஆண்டு விற்றுமுதல் ஒரு கோடியைத் தாண்டிய தனி உரிமையாளர் 194A பிரிவின்படி 10 சதவீதம் பிடித்துக் கட்ட வேண்டும். தவணையோ தானியங்கிப் பற்றாக முழுத்தொகையும் போய்விடுகிறது. பிடிக்க இடமே இல்லாததுபோல் தோன்றும். அட்டவணையின் வட்டிப் பத்தியைப் பார்த்து மாதந்தோறும் கையிலிருந்து மூலவரியைக் கட்டி, சான்றிதழைக் கொடுத்து, அந்தத் தொகையை நிறுவனத்திடமிருந்து திரும்பப் பெறுவதே நடைமுறை. செய்யத் தவறினால் வட்டியில் 30 சதவீதம் கழிவாகக் கிடைக்காமல் போகலாம். இந்தக் கணக்கின் 1,27,794 ரூபாயில் அது 38,338 ரூபாய்.

இங்கே குறிப்பிட்ட பிரிவு எண்கள் எல்லாம் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் எண்கள்; இந்த ஆய்வில் வரும் 2023-24, 2024-25, 2025-26 ஆகிய மூன்று ஆண்டுகளுக்கும் அதுவே பொருந்தும். 2026 ஏப்ரல் 1 முதல் வருமான வரிச் சட்டம், 2025 நடைமுறைக்கு வருவதால், இதே கடனின் மீதித் தவணைகளுக்குரிய ஆண்டுகளில் எண்கள் மாறும். கோப்பின் பணித்தாளில் பழைய எண்ணுக்கு எதிரே புதிய எண்ணை எழுத ஒரு பத்தியை இப்போதே விட்டு வைத்திருக்கிறோம்.